முகம் தெளிவு, கூந்தல் மட்டும் புகை

“ஏன் தம்பி, இவ்வளவு பெரிய பக்கத்துல பொண்ணு எங்கப்பா இருக்கா?” என்று கேட்டார் மணப்பெண்ணின் அம்மா.

கல்யாண ஆல்பத்தின் மாதிரிப் பக்கங்களைக் கணினித் திரையில் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். 12க்கு 36 அங்குல ஷீட். பின்னணியில் கோயில் கோபுரம், வலது மூலையில் கையில் விளக்கோடு மணப்பெண். வேறொரு படத்திலிருந்து அந்தப் பெண்ணை மட்டும் கட் பண்ணிக் கொண்டுவந்து கோபுரத்தடியில் நிற்கவைத்திருந்தேன். பெரிய கோபுரம், சின்னப் பெண். அதில் ஒரு அழகு இருக்கிறது என்பது என் எண்ணம்.

“கோபுரத்தைப் பார்க்கணும்னா நாங்க கோயிலுக்கே போயிக்குவோம். எம் பொண்ணைப் பெருசாப் போடுங்க.”

சரி என்று Ctrl+T அழுத்தி, மூலையைப் பிடித்து இழுத்து மூன்று மடங்காக்கினேன். பெண் பெரிதானாள், கூடவே தலையில் இருந்த மல்லிகைச் சரம் பஞ்சுப் பொதியானது. புடவைச் சரிகை எண்ணெய் படிந்த காகிதம் மாதிரி மினுங்கியது. “போட்டோ எடுத்தவரு சரியா எடுக்கலையோ?” என்றார் அந்த அம்மா. படம் எடுத்தவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் நான் நான்கு நாள் முன்பு அழுத்திய ஒரு Enter விசையில் இருந்தது.

அந்தப் படத்தின் கணக்கைச் சொல்கிறேன். 24 மெகாபிக்சல் கேமராவில் நிமிர்த்தி எடுத்த படம்; 4000 பிக்சல் அகலம், 6000 பிக்சல் உயரம். பின்னணியை நீக்கி மணப்பெண்ணை மட்டும் எடுத்தபோது அவள் ஏறத்தாழ 2000 பிக்சல் அகலம், 5000 பிக்சல் உயரம் இருந்தாள். பெருக்கினால் ஒரு கோடிப் புள்ளிகள். என் ஷீட் அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் அமைந்தது. அதாவது 10800க்கு 3600. அதன் மூலையில் நிற்கவைக்க அவளை 20 விழுக்காடாகச் சுருக்கினேன். 400க்கு 1000 ஆனாள். பெருக்கிப் பாருங்கள்: நான்கு லட்சம் புள்ளிகள்.

உயரத்தை ஐந்தில் ஒரு பங்காக்கினால் அகலமும் ஐந்தில் ஒன்றாகிறது. ஆகவே புள்ளிகள் இருபத்தைந்தில் ஒரு பங்காகின்றன. Enter அழுத்திய நொடியில், மீதி 96 லட்சம் புள்ளிகளை ஃபோட்டோஷாப் தூக்கி எறிந்துவிட்டது. ஒளித்து வைக்கவில்லை, எறிந்தேவிட்டது. கோப்பைச் சேமித்து மூடிய பிறகு Undo கூடக் கிடையாது. அந்த அம்மா வந்த நாளில் என்னிடம் இருந்தது நான்கு லட்சம் புள்ளிகள் மட்டும்தான். அதை மூன்று மடங்காக இழுத்தால் 1200க்கு 3000, அதாவது 36 லட்சம் புள்ளிகள் வேண்டும். ஒவ்வொரு ஒன்பது புள்ளிக்கும் ஒன்றுதான் உண்மை. மற்ற எட்டும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் போட்ட உத்தேசக் கணக்கு. மல்லிகை மொட்டு ஒன்று மூலப் படத்தில் 30 பிக்சல் அகலம் இருந்தது என்று வைத்துக்கொண்டால், சுருக்கியபோது 6 ஆனது. திரும்ப இழுத்ததும் 18 ஆனது. ஆனால் அந்தப் பதினெட்டில் இருப்பதும் ஆறு பிக்சல் அளவு விவரம்தான். பஞ்சாகாமல் என்ன செய்யும்?

இப்படிப் புள்ளிகளாக உறைந்துபோன லேயரைத்தான் ராஸ்டரைஸ் ஆன லேயர் என்கிறோம். அதற்கு இப்போது இருக்கும் அளவு மட்டுமே தெரியும். தான் ஒரு காலத்தில் எவ்வளவு பெரிதாக இருந்தோம் என்பது அதற்கு நினைவில்லை.

பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அவர்களிடம் நெகட்டிவ் இருந்தது. பாஸ்போர்ட் அளவு கேட்டால் நெகட்டிவிலிருந்து பாஸ்போர்ட் அளவு பிரின்ட். சுவரில் மாட்டக் கேட்டால் அதே நெகட்டிவிலிருந்து பெரிய பிரின்ட். சின்ன பிரின்ட் போட்டதால் நெகட்டிவ் சுருங்கிவிடாது. நெகட்டிவ் தொலைந்து, பாஸ்போர்ட் படத்தையே மறுபடி படம் பிடித்துப் பெரிதாக்கும்போதுதான் முகம் மங்கும். வீட்டில் ஒரு பெரியவர் காலமானபின், கையில் இருப்பது வாக்காளர் அட்டைப் படம் ஒன்றுதான் என்று கொண்டுவந்து, மாலை போடும் அளவுக்கு அதைப் பெரிதாக்கச் சொல்கிறார்களே, அந்தக் கதைதான்.

ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்பது லேயருக்குள் நெகட்டிவை உறையிலிட்டு வைப்பது. லேயரின் மேல் வலது கிளிக் செய்து Convert to Smart Object என்பதைத் தேர்ந்தால், அந்த நேரத்தில் லேயரில் இருப்பதெல்லாம் அப்படியே ஒரு தனிக் கோப்பாக உங்கள் கோப்புக்குள்ளேயே அடைக்கப்படுகிறது. லேயரின் சிறுபடத்தில் வலது கீழ் மூலையில் ஒரு குட்டி அடையாளம் தோன்றும். அதன்பின் நீங்கள் சுருக்கினாலும் திருப்பினாலும் ஃபோட்டோஷாப் உள்ளே இருக்கும் படத்தைத் தொடுவதில்லை. “இருபது விழுக்காடு, இத்தனை பாகை சாய்வு” என்று ஒரு குறிப்பை எழுதிவைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பின்படி மூலத்திலிருந்து ஒரு பிரின்ட் எடுத்துத் திரையில் காட்டுகிறது. அளவை மாற்றினால் குறிப்பு மாறும். மூலத்திலிருந்து புதிய பிரின்ட் வரும்.

என் மணப்பெண் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக இருந்திருந்தால் அந்த அம்மா கேட்டதும் என்ன நடந்திருக்கும்? அவர் கேட்ட பெரிய உருவம் பத்து அங்குல உயரம், 3000 பிக்சல். மூலம் 5000 பிக்சல். ஆக 20 விழுக்காட்டை 60 விழுக்காடு என்று மாற்ற வேண்டியதுதான். அது பெரிதாக்கலே இல்லை. மூலத்தோடு ஒப்பிட்டால் இன்னும் சுருக்கல்தான். மல்லிகை மல்லிகையாகவே இருந்திருக்கும்.

எந்த லேயர் எந்த வகை என்று அறிய ஒரு சுலப வழி உண்டு. Ctrl+T அழுத்தி, மேலே உள்ள பட்டையில் W, H என்ற கட்டங்களைப் பாருங்கள். ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக இருந்தால் 20% என்று பழைய குறிப்பைக் காட்டும். ராஸ்டர் லேயராக இருந்தால், போன வாரம் எவ்வளவு சுருக்கியிருந்தாலும் சரி, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி 100% என்று காட்டும். அந்த நூறு எதன் நூறு என்பதைக் கேட்டுப் பழக எனக்குச் சில ஆல்பங்கள் தேவைப்பட்டன.

இதுவரை சொன்னது பெரும்பாலான டிசைனர்களுக்குத் தெரிந்ததே. நான் உண்மையில் சொல்ல வந்தது இதற்கு அடுத்த கட்டம். ஸ்மார்ட் ஆப்ஜெக்டின் பலன் தெரிந்தவர்களே அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த ஆல்பத்துக்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். எந்தப் படத்தையும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாகவே ஷீட்டுக்குள் கொண்டுவருவேன். அடுத்த ஆல்பத்தில் ஒரு பெண்ணின் படத்தை அப்படிக் கொண்டுவந்து, 20 விழுக்காடாகச் சுருக்கி மூலையில் வைத்து, அங்கேயே ஒரு மாஸ்க் போட்டுப் பின்னணியை மறைத்தேன். மாஸ்க் என்பது லேயருக்கு மேல் போர்த்தும் கறுப்பு-வெள்ளைப் படம்: வெள்ளை விழுந்த இடத்தில் படம் தெரியும், கறுப்பு விழுந்த இடத்தில் மறையும், சாம்பல் விழுந்த இடத்தில் பாதி தெரியும். அழிப்பானால் தேய்த்து அழிப்பதைவிட இது எவ்வளவோ மேல். தவறாக மறைத்துவிட்டால் வெள்ளைத் தூரிகையால் தடவித் திரும்பக் கொண்டுவரலாம். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், அதன்மேல் மாஸ்க். இரண்டும் எதையும் அழிக்காத வழிகள். இதைவிடப் பாதுகாப்பு என்ன வேண்டும்?

அந்தப் பெண்ணையும் பெரிதாக்கச் சொன்னார்கள். (எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். இதை ஒரு விதியாகவே எழுதிவைத்துக்கொள்ளலாம்.) நிம்மதியாக இழுத்தேன். முகம் தெளிவு. மூக்குத்தியின் கல் தெளிவு. ஆனால் கூந்தலைச் சுற்றி மட்டும் புகை மூட்டம். தோள் ஓரத்தில் ஈரத்துணியால் துடைத்த மாதிரி ஒரு மங்கல். உள்ளே கத்திபோல் கூர்மை, விளிம்பு மட்டும் சளசள என்று.

காரணம் இதுதான். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் காப்பாற்றுவது தனக்கு உள்ளே இருப்பதை மட்டும். நான் போட்ட மாஸ்க் அதற்கு வெளியே, ஷீட்டின் மேல் இருந்தது. மாஸ்க்கும் ஒரு ராஸ்டர் படம்தான். அதற்கு உறை கிடையாது, நெகட்டிவ் கிடையாது. 400க்கு 1000 அளவில் தீட்டிய மாஸ்க்கை மூன்று மடங்காக இழுத்தால், என் முதல் மணப்பெண்ணுக்கு நடந்ததுதான் அதற்கும் நடக்கும். மூலத்தை முழு அளவில் வைத்துக்கொண்டு மாஸ்க் போட்டு, பிறகு சுருக்கிப் பெரிதாக்கினாலும் தப்பிக்க முடியாது. சுருக்கும்போதே மாஸ்க்கும் நிரந்தரமாகச் சுருங்கிவிடுகிறது.

ஒரு முடியிழையை மட்டும் எடுத்துப் பார்ப்போம். மூலப் படத்தில் அது 2 பிக்சல் தடிமன். 20 விழுக்காட்டில் அது 0.4 பிக்சல் ஆகிறது. அரை பிக்சல் என்று ஒன்று உலகத்தில் இல்லை. ஆகவே ஒரு முழு பிக்சலை நாற்பது விழுக்காடு சாம்பலாக்கி மாஸ்க் சமாளிக்கிறது; 0 முதல் 255 வரையிலான அளவில் சுமார் 102. சின்ன அளவில் அது சரியாகவே தெரியும், கண் அதை முடி என்று ஏற்றுக்கொள்ளும். இப்போது மூன்று மடங்காக்குங்கள். ஏறத்தாழ 1 பிக்சல் தடிமனில் அழுத்தமாக இருக்க வேண்டிய இழை, 3 பிக்சல் அகலத்தில் பாதிகூடத் தெரியாத ஒரு சாம்பல் பட்டையாக வருகிறது. அப்படி ஆயிரம் இழைகள் சேர்ந்தால் புகை. அந்தச் சாம்பல் வழியாக மூலப் படத்தின் மண்டபச் சுவரும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அதனால்தான் புகைக்கு ஒரு மஞ்சள் சாயலும் சேர்ந்துகொள்கிறது.

சந்தேகம் இருந்தால் Alt விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சிறுபடத்தைச் சொடுக்குங்கள். படம் மறைந்து மாஸ்க் மட்டும் திரை முழுக்க வரும். 100 விழுக்காடு பெரிதாக்கத்தில் வைத்து ஓரத்தைப் பாருங்கள். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஓரிரு பிக்சலில் தாவினால் நல்ல மாஸ்க். நாலைந்து பிக்சலுக்குச் சாம்பலாகவே இழுபட்டால், அந்த மாஸ்க் எங்கோ ஒரு முறை சுருங்கி விரிந்திருக்கிறது.

அப்படியானால் மாஸ்க்கை எங்கே வைப்பது? உறைக்குள்ளே.

என் வேலைமுறை இப்போது இப்படி. ஷீட்டைத் திறக்கும் முன்பே மூலப் படத்தைத் தனியாக, முழு அளவில் திறந்துகொள்கிறேன். அங்கே, அது சாதாரண ராஸ்டர் லேயராக இருக்கும்போதே, பெண்ணைத் தேர்ந்து, முடியோரங்களைச் சீர்செய்து, மாஸ்க் போடுகிறேன். முடியில் படிந்திருக்கும் சுவரின் நிறத்தை நீக்க Select and Mask பகுதியில் Decontaminate Colors என்று ஒன்று இருக்கிறது. அது மாஸ்க்கை மட்டுமல்லாமல் பிக்சல்களின் நிறத்தையே மாற்றுகிற வேலை. அதனால்தான் முடிவைப் புதிய லேயராகக் கொடுக்கிறது. இந்த மாதிரிப் பிக்சலைத் தொடும் வேலைகளை எல்லாம் உறையில் இடுவதற்கு முன் முடித்துவிடுவது நல்லது. எல்லாம் முடிந்ததும், லேயரும் அதன் மாஸ்க்கும் சேர்ந்திருக்க, அந்த லேயரின் மேல் வலது கிளிக் செய்து Convert to Smart Object. மாஸ்க் கண்ணிலிருந்து மறைந்துவிடும். பயப்பட வேண்டாம், அது படத்தோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. இந்த ஒற்றை ஸ்மார்ட் ஆப்ஜெக்டைத்தான் ஷீட்டுக்கு இழுத்து வருகிறேன். இப்போது 20 ஆக்கினாலும் 60 ஆக்கினாலும் முகமும் கூந்தல் ஓரமும் ஒன்றாகவே மூலத்திலிருந்து வருகின்றன. அந்த 2 பிக்சல் முடியிழை 60 விழுக்காட்டில் 1.2 பிக்சல் இழையாக, அழுத்தம் குறையாமல் வரும்.

இதற்கு ஒரு விலை உண்டு. காதோரம் ஒரு இடம் விட்டுப்போனது என்று ஷீட்டில் பார்த்தால், அங்கேயே தூரிகை எடுத்துத் திருத்த முடியாது. லேயரின் சிறுபடத்தை இருமுறை சொடுக்கினால் உள்ளே இருக்கும் கோப்பு தனிச் சாளரத்தில் திறக்கும். அங்கே மாஸ்க்கைத் திருத்தி Ctrl+S அழுத்தி மூடினால் ஷீட்டில் மாற்றம் வந்து சேரும். தொல்லை என்னவென்றால், உள்ளே இருக்கும்போது கோபுரம் தெரியாது. கட்டம் போட்ட வெறுமைமேல் பெண் நிற்பாள். இருட்டான பின்னணியில் பளிச்சென்று தெரியும் வெள்ளை ஓரம் அந்தக் கட்டத்தின்மேல் கண்ணுக்கே படாது. நான் உள்ளே, பெண்ணுக்குக் கீழே, கோபுரத்தின் நிறத்துக்கு நெருங்கிய ஒரு நிற லேயரை வைத்துக்கொண்டு திருத்துவேன். சேமிக்கும் முன் அதன் கண் அடையாளத்தை அணைத்துவிட வேண்டும். மறந்தால் ஷீட்டில் பெண்ணைச் சுற்றி ஒரு பழுப்புச் செவ்வகம் வந்து நிற்கும். வந்து நின்றிருக்கிறது.

வெளி மாஸ்க்குக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெண்ணைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் மாஸ்க் அவளுக்குச் சொந்தம். அவள் எந்த ஷீட்டுக்குப் போனாலும் கூடவே போக வேண்டும். ஆகவே உள்ளே. ஆனால் இந்த ஷீட்டில் அவள் புடவையின் கீழ்ப்பகுதி பூக்குவியலுக்குள் மெல்ல மறைய வேண்டும் என்றால், அது இந்தக் காட்சிக்குச் சொந்தமான மறைப்பு. அதை வெளியேதான் போட வேண்டும். மென்மையாகக் கரையும் மாஸ்க் பெரிதாக்கினாலும் கெடாது என்பது இங்கே ஒரு வசதி. ஏற்கனவே மங்கலாக இருப்பதை மூன்று மடங்கு மங்கலாக்கினால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? கெடுவது கூர்மையான ஓரம் மட்டும்தான். ஒரு குத்துவிளக்கின் பின்னால் அவள் கை மறைய வேண்டும் என்றால் அங்கே ஓரம் கூர்மையாக வேண்டும், அதோடு விளக்கு இருக்கும் இடத்திலேயே மாஸ்க்கும் இருக்க வேண்டும். அதற்கு ஸ்மார்ட் ஆப்ஜெக்டை ஒரு குரூப்புக்குள் போட்டு, மாஸ்க்கைக் குரூப்புக்குப் போடுகிறேன். உள்ளே பெண்ணை மட்டும் பெரிதாக்கினால் மாஸ்க் விளக்கோடு அசையாமல் நிற்கும், அதன் புள்ளிகளும் தொடப்படுவதில்லை.

பழைய கை டிசைனர்கள் சிலருக்கு ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் மேல் இன்றும் நம்பிக்கை இல்லை. அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994இல், மூன்றாம் பதிப்பில். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வந்தது 2005இல், CS2 பதிப்பில். அப்போது மாஸ்க்கையும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டையும் சங்கிலி போட்டு இணைக்க வழியில்லை. பெண்ணை நகர்த்தினால் மாஸ்க் பழைய இடத்திலேயே நிற்கும். தலை ஒரு பக்கம், மறைப்பு ஒரு பக்கம். 2008இல் வந்த CS4இல்தான் இரண்டும் சேர்ந்து நகர ஆரம்பித்தன. இன்றும் மாஸ்க்குக்கும் படத்துக்கும் நடுவே உள்ள சங்கிலி அடையாளத்தைத் தெரியாமல் சொடுக்கிவிட்டால் அதே கூத்து நடக்கும். ஆனால் சங்கிலி இருந்தால் மாஸ்க் சேர்ந்து நகரும், அவ்வளவுதான். தரத்தைக் காப்பாற்றும் வேலை அந்தச் சங்கிலிக்குக் கிடையாது.

உறைக்குள் இட்டுவிட்டோம் என்ற நிம்மதியைக் கெடுக்கும் சில இடங்களையும் பார்த்துவிடலாம்.

முதலாவது, வரிசை. சிலர் பெண்ணைச் சுருக்கி, Enter அழுத்தி, இடம் பார்த்து வைத்தபின், “பாதுகாப்புக்கு” என்று ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றுவார்கள். அந்த நேரத்தில் லேயரில் இருப்பது நான்கு லட்சம் புள்ளிகள். அதைத்தான் உறை பத்திரப்படுத்தும். Ctrl+T அழுத்தினால் 100% என்று காட்டும். மூட்டையைக் கட்டும் முன்பே நெல் கொட்டிப் போய்விட்டது.

இரண்டாவது, அந்தக் கேள்விப் பெட்டி. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் மேல் தூரிகையையோ அழிப்பானையோ வைத்தால், இதைத் தொடர ராஸ்டரைஸ் செய்ய வேண்டும், உள்ளிருப்பதை இனித் திருத்த முடியாது, சரியா என்கிற பொருளில் ஃபோட்டோஷாப் கேட்கும். இரவு பதினோரு மணிக்கு, நாற்பதாவது ஷீட்டில், அந்தப் பெட்டியை யாரும் படிப்பதில்லை. கை தானாக Enter அழுத்தும். உறை கிழிந்து, அப்போதைய அளவில் பெண் உறைந்துவிடுவாள். திரையில் எந்த மாற்றமும் தெரியாது என்பதுதான் இதில் மோசம். அன்றைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். பெரிதாக்கச் சொல்லும் நாளில்தான் தெரியவரும். முகத்தில் ஒரு புள்ளியை நீக்க வேண்டுமானால் மேலே ஒரு வெற்று லேயர் போட்டு அதில் வேலை செய்யலாம். ஆனால் பெண்ணை நகர்த்தினால் அந்தத் திருத்தம் தனியே நின்றுவிடும். ஆகவே முகத்துக்குரிய திருத்தத்தை உறையைத் திறந்து உள்ளே செய்வதே முறை.

மூன்றாவது, இரட்டையர். தரையில் நிழலாட்டம் காட்டவோ, அதே ஷீட்டில் மறுபடி பயன்படுத்தவோ Ctrl+J அழுத்திப் பிரதி எடுத்தால், இரண்டு லேயருக்கும் ஒரே நெகட்டிவ்தான். ஒன்றைத் திறந்து நிறத்தை மாற்றினால் மற்றதும் மாறும். சில நேரம் அதுதான் வேண்டும். தனித்தனியாக வேண்டுமென்றால் வலது கிளிக்கில் New Smart Object via Copy என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்று, நெகட்டிவிலேயே இல்லாததை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் தராது. நூறு விழுக்காட்டைத் தாண்டினால் அதுவும் உத்தேசக் கணக்கில்தான் இறங்கும். என் மணப்பெண்ணை ஷீட்டின் முழு உயரத்துக்கு, 12 அங்குலத்துக்கு, நிறுத்தினாலும் 72 விழுக்காடுதான், கவலையில்லை. ஆனால் நாற்பது பேர் நிற்கும் குரூப் படத்திலிருந்து தாத்தாவின் முகத்தை மட்டும் கட் பண்ணி அரைப் பக்கத்துக்குப் போடச் சொன்னால், அந்த முகம் மூலத்திலேயே 200 பிக்சல்தான் இருக்கும். அதை எத்தனை உறைக்குள் போட்டாலும் அது வாக்காளர் அட்டைப் படம்தான். இதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

ராஸ்டரைஸ் செய்வதே பாவம் என்று நான் சொல்லவில்லை. முப்பது ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் உள்ள ஷீட் கனமாகும். ஒவ்வொன்றும் முழு மூலத்தைச் சுமக்கிறது. பழைய கணினியில் சேமிக்க அழுத்திவிட்டு டீ குடித்து வரலாம். PSD கோப்புக்கு 2 ஜிபி என்ற வரம்பும் இருக்கிறது. அதைத் தாண்டினால் PSB வடிவில் சேமிக்கலாம். தூரத்தில் தூவிய பூவிதழ்கள், ஓரத்து அலங்காரக் கொடி, யாரும் பெரிதாக்கச் சொல்லப் போகாத சின்னப் பொருள்கள், இவற்றை நான் ராஸ்டராகவே விடுகிறேன். அங்கேயும் சுருக்குவது, சாய்ப்பது, நகர்த்துவது எல்லாவற்றையும் ஒரே Ctrl+T-க்குள் முடித்து ஒரே முறை Enter அழுத்துவேன். ராஸ்டர் லேயரில் ஒவ்வொரு Enter-உம் புள்ளிகளை ஒரு முறை புதிதாகக் கணக்கிடுகிறது. ஐந்து முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்த இதழ், ஒரே முறை சாய்த்ததைவிட மங்கலாகத்தான் இருக்கும். மனிதர்கள் மட்டும் கடைசிவரை உறைக்குள். லேபுக்கு அனுப்புவது எப்படியும் JPEG. அது போகும்போது எல்லாம் தானாகவே புள்ளியாகிவிடும். அதற்காக மூலக் கோப்பை நாமே உறைய வைக்க வேண்டிய தேவை எப்போதும் இல்லை.

அந்த முதல் ஆல்பத்துக்கு வருகிறேன். நல்ல வேளையாகக் கேமரா அட்டையின் பிரதி என்னிடம் இருந்தது. மூலப் படத்தைத் திரும்ப எடுத்து, கூந்தலை இழை இழையாக மறுபடி கட் பண்ணி, இந்த முறை உறைக்குள் இட்டுப் பத்து அங்குல உயரத்தில் நிறுத்தினேன். அதற்கு ஒரு முழு மதியம் போனது. மறுநாள் அந்த அம்மா வந்து பார்த்தார்.

“இப்ப சரி. ஆனா கோபுரம் கொஞ்சம் சின்னதாத் தெரியுதே தம்பி?”

கோபுரம் ராஸ்டர் லேயராக இருந்தது.